காலிபரேஷன் டெக்னீஷியன் வேலைக்கு விண்ணப்பக் கடிதம்: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

ஈரோடு_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். 2022-இல் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ முடித்தேன். பிறகு துணிக்குச் சாயமேற்றும் ஒரு ஆலையில் ஒரு வருடம் அப்ரண்டிஸ், அப்புறம் ஒன்றரை வருடம் அங்கேயே இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் காண்ட்ராக்ட் வேலை. கோவையில் கருவிகளைச் சர்வீஸ் செய்து காலிபரேஷனும் செய்து தரும் நிறுவனம் ஒன்று ஆள் எடுக்கிறது. கடிதத்தை ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டும். யோசித்து எழுதுவதற்காக முதலில் தமிழில் எழுதிப் பார்த்தேன். நடுப்பகுதி இது:

"நான் கடின உழைப்பாளி. எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன். பிரஷர் கேஜ், டெம்பரேச்சர் டிரான்ஸ்மிட்டர், ஆர்டிடி, தெர்மோகப்பிள், கன்ட்ரோல் வால்வு, ஃப்ளோ மீட்டர், பிஎல்சி ஆகிய அனைத்திலும் அனுபவம் உண்டு. 0.25 கிளாஸ் உள்ள 40 பார் மாஸ்டர் கேஜைக் கொண்டு, நீராவி லைனில் உள்ள 1.0 கிளாஸ், 10 பார் கேஜ்கள் 22-ஐக் காலிபரேட் செய்து, பிழை இருந்தவற்றைச் சரிசெய்து, நூறு சதவீதத் துல்லியத்துடன் சான்றிதழ் வழங்கியுள்ளேன்."

முன்னும் பின்னும் வழக்கமான வரிகள்தான். என்ன மாற்றலாம்?

கிண்டி_கோபி

நல்லாத்தான் இருக்கிறது தம்பி. இரண்டு விஷயம் சேருங்கள். ஒன்று, லேப்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல், லேப்களுக்கான ஐஎஸ்ஓ தரநிலை 17025 என்ற வார்த்தைகள் கடிதத்தில் கட்டாயம் வர வேண்டும். அவை இல்லையென்றால் படிக்கவே மாட்டார்கள். இரண்டு, கருவிப் பட்டியலை இன்னும் நீட்டுங்கள். டெட் வெயிட் டெஸ்டர், ஹார்ட் கம்யூனிகேட்டர், லூப் கேலிபரேட்டர் எல்லாம் போடுங்கள். கல்லூரி லேபில் தொட்டிருப்பீர்கள் அல்லவா, அது போதும்.

மலர்_லேப்

தம்பி, பட்டியலை நீட்டாதீர்கள். என் கதையைச் சொல்கிறேன். நானும் டிப்ளமோதான். இப்போது ஒரு லேபில் டெம்பரேச்சர் பகுதியைப் பார்க்கிறேன். என் முதல் விண்ணப்பத்தில் "ஆர்டிடி" என்ற ஒரு சொல்லைச் சும்மா போட்டிருந்தேன். நேர்முகத்தில் மேஜைமேல் பிடி100 என்ற ஆர்டிடி சென்சார் ஒன்று, ஒரு மல்டிமீட்டர். "இந்த அறை 30 டிகிரி. மீட்டரில் எவ்வளவு வரும்?" என்றார் நேர்முகம் எடுத்தவர். 0 டிகிரியில் 100 ஓம், அதற்கு மேல் டிகிரிக்கு 0.385 ஓம் என்று மனத்தில் இருந்ததால் 111.55 வரும் என்றேன். சரியான மதிப்பு 111.67. அதை ஏற்றுக்கொண்டார். வைத்துப் பார்த்தால் மீட்டர் 112.4 காட்டியது. "அப்போ அறை 32 டிகிரியா, சென்சார் கெட்டதா?" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. அப்புறம்தான் மீட்டரின் இரண்டு ஒயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்துப் பார்க்கத் தோன்றியது. 0.7 ஓம் காட்டியது. அது ஒயரின் தடை. கழித்தால் 111.7. அந்த ஒரு செய்கைக்குத்தான் வேலை கிடைத்தது என்று பிறகு அவரே சொன்னார். கடிதத்தில் எந்தக் கருவியின் பெயரை எழுதுகிறீர்களோ, அதைத்தான் கையில் கொடுப்பார்கள். பிஎல்சி என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் சொல்வீர்களா?

ஈரோடு_தம்பி

உண்மையைச் சொன்னால் அக்கா, பிஎல்சி பேனலில் ஃப்யூஸ் மாற்றியிருக்கிறேன். அவ்வளவுதான்.

தராசுக்காரர்

தம்பி, இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். எடையளவுச் சட்டம் 2009-இன்படி தராசைப் பழுதுபார்க்கிறவருக்கு உரிமம் வேண்டும். முத்திரை வைக்கத் துறை அலுவலர் வர வேண்டும். நாங்கள் மூன்று தலைமுறையாக இதில் இருக்கிறோம்.

சைட்_மணி

அண்ணே, நீங்கள் சொல்வது கடைத் தராசுக்கு முத்திரை வைக்கும் விஷயம். அவர் கேட்பது ஆலைக் கருவிகளுக்கான காலிபரேஷன் வேலை, அதுவும் சம்பளத்துக்கு. அவர் உரிமம் எடுக்கத் தேவையில்லை.

தம்பிக்கு என் பங்கு: டூ வீலர் லைசென்ஸ் இருக்கிறதா? வெளியூர் சைட்டில் நாலைந்து நாள் தங்கி வேலை பார்ப்பீர்களா? சர்வீஸ் நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான். ஷட்டவுன் நேரத்தில் இரவில் போய் நூறு கேஜைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த வரி உங்கள் கடிதத்தில் இல்லை.

பழைய_போர்டன்

பல வருடமாகப் பிரஷர் லேபில் இருக்கிறேன். இப்படிப்பட்ட கடிதங்கள் என் மேஜைக்கும் வரும். கடின உழைப்பாளி என்ற வரியை நான் படிப்பதே இல்லை, எல்லோரும் எழுதுவதால். ஆனால் உங்கள் 22 கேஜ் வரியில் நின்றுவிட்டேன். அதில் நல்லதும் இருக்கிறது, உங்களைக் கவிழ்ப்பதும் இருக்கிறது.

நல்லது என்னவென்றால், உண்மையில் நடந்த ஒரு வேலையைச் சொல்கிறீர்கள். எத்தனை கேஜ், என்ன ரேஞ்ச், எந்த மாஸ்டர் என்று இருக்கிறது. பெரும்பாலான கடிதங்களில் இது இருக்காது.

கவிழ்ப்பது மூன்று இடத்தில். "நூறு சதவீதத் துல்லியம்" என்று இந்தத் தொழிலில் யாரும் சொல்வதில்லை. அதைப் பார்த்தவுடனே, இந்தப் பையனுக்குப் பிழை என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரவில்லை என்று நினைத்துவிடுவார்கள். அடுத்தது "சான்றிதழ் வழங்கியுள்ளேன்". நீங்கள் வழங்கினீர்களா? ரீடிங் எழுதியது நீங்கள், கையெழுத்துப் போட்டது வேறொருவராக இருக்கும்.

மூன்றாவதுதான் பெரியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.0 கிளாஸ், 10 பார் கேஜுக்கு அனுமதித்த பிழை முழு ரேஞ்சில் ஒரு சதவீதம், அதாவது 0.1 பார். உங்கள் மாஸ்டர் 0.25 கிளாஸ், ஆனால் ரேஞ்ச் 40 பார். 40-இல் 0.25 சதவீதம் எவ்வளவு? அதுவும் 0.1 பார்தான். சோதிக்கிற கருவிக்கும் சோதிக்கப்படுகிற கருவிக்கும் ஒரே அளவு பிழைக்கு இடமிருக்கிறது. 0.25 என்ற எண்ணைப் பார்த்து நாலு மடங்கு நல்ல மாஸ்டர் என்று நினைத்திருப்பீர்கள். ரேஞ்ச் அந்த நாலு மடங்கையும் தின்றுவிட்டது.

உங்கள் கடிதத்தைப் படிக்கிறவர் லேப்காரராக இருந்தால் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே போட்டுவிடுவார்.

கிண்டி_கோபி

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 4:1 இருக்க வேண்டும் என்று 17025-இல் எழுதியே இருக்கிறது. அந்த விகிதம் இல்லையென்றால் அந்த வேலையே செல்லாது. பேசாமல் மாஸ்டரின் ரேஞ்சை எழுதாமல் விட்டுவிடுங்கள். "0.25 கிளாஸ் மாஸ்டர்" என்று மட்டும் போடுங்கள், முடிந்தது.

பழைய_போர்டன்

கோபி சார், நாலுக்கு ஒன்று என்பது தொழிலில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு கைக்கணக்கு. பல ஆலைகளின் நடைமுறைப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் 17025 அப்படி ஒரு விகிதத்தைக் கட்டாயமாக்கவில்லை. உன் அளவீட்டில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்று கணக்கிடு, பாஸ் ஃபெயில் சொல்வதென்றால் எந்த விதியின்படி சொல்கிறாய் என்று தெளிவாக்கு என்றுதான் அது கேட்கிறது. தம்பி நேர்முகத்தில் போய் "17025-இல் 4:1 என்று இருக்கிறது" என்றால் மாட்டிக்கொள்வார்.

ரேஞ்சை மறைப்பதும் வேண்டாம். முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

தம்பி, இப்போது சொல்லுங்கள். அந்த 22-இல் எத்தனையில் பிழை இருந்தது, எப்படிப்பட்ட பிழை, சரிசெய்த பிறகு எவ்வளவு? ஞாபகத்திலிருந்து வேண்டாம், நோட்டு இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள்.

ஈரோடு_தம்பி

நோட்டு இருக்கிறது சார். வேலை நடந்தது 2024 மார்ச். கம்பேரிட்டர் கைப்பம்பில் ஒரு பக்கம் மாஸ்டர், மறுபக்கம் கேஜ். 0, 2.5, 5, 7.5, 10 என்று ஏற்றும்போது ஒரு முறை, இறக்கும்போது ஒரு முறை. கேஜின் முள்ளைக் கோட்டில் நிறுத்திவிட்டு மாஸ்டரைப் படிப்போம்.

22-இல் 5 கேஜ் சரியில்லை. மூன்றில் எல்லாப் புள்ளியிலும் ஏறக்குறைய 0.3 பார் கூடுதலாகக் காட்டியது. கேஜில் 5 என்றால் மாஸ்டரில் 4.7. மற்ற இரண்டில் 2.5-இல் 0.1, 10-இல் 0.5 என்று போகப் போகக் கூடியது. முதல் மூன்றுக்கும் முள்ளைப் பிடுங்கித் திரும்பப் பொருத்தினேன். அதன் பிறகு பிழை 0.05 என்று எழுதியிருக்கிறேன். மற்ற இரண்டையும் ஸ்டோரிலிருந்து புதியது எடுத்து மாற்றினோம். கையெழுத்து இன்சார்ஜ் சாருடையது. சான்றிதழ் என்றால் லேப் சான்றிதழ் இல்லை, ஆலையின் ரிஜிஸ்டர்தான்.

பழைய_போர்டன்

இது தங்கம் ஐயா. இதை எழுதாமல் கடின உழைப்பாளி என்று எழுதியிருக்கிறீர்களே!

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு கூடுதலாக இருந்தால் முள் தன் இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறது. நீராவி லைனில் திடீர் அழுத்தம் அடித்தால் இப்படி ஆகும். பிடுங்கிப் பொருத்துவது சரியான மருந்து. போகப் போகக் கூடினால் உள்ளே லிங்கில் கோளாறு, அல்லது அழுத்தத்தை உணரும் போர்டன் குழாயே தளர்ந்துவிட்டது. முள்ளைத் தொட்டு அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு புள்ளியில் சரியாகும், மற்றதில் கெடும். நீங்கள் மாற்றிவிட்டது நல்ல முடிவு. இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்பதே படிக்கிறவருக்குப் போதுமான செய்தி.

இப்போது மாஸ்டர் விஷயம். 0.3 கண்டுபிடித்தீர்கள். மாஸ்டரில் 0.1 வரை சந்தேகம் என்றாலும் உண்மைப் பிழை 0.2-க்கும் 0.4-க்கும் இடையில் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் 0.1-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே "இந்தக் கேஜ் சரியில்லை" என்ற உங்கள் முடிவு நிற்கும். ஆனால் சரிசெய்தபின் "பிழை 0.05, பாஸ்" என்கிறீர்களே, அது நிற்காது. 0.05-உடன் மாஸ்டரின் 0.1 சேர்ந்தால் 0.15 வரை போகலாம். பாஸா ஃபெயிலா என்று அந்த மாஸ்டரை வைத்துச் சொல்லவே முடியாது.

அது மட்டுமில்லை. 40 பார் மாஸ்டரின் டயலில் ஒரு சிறு கோடு எவ்வளவு?

ஈரோடு_தம்பி

0.2 பார் சார்.

பழைய_போர்டன்

அப்படியானால் 0.05 என்று எப்படிப் படித்தீர்கள்?

ஈரோடு_தம்பி

முள் கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. குத்துமதிப்பாகப் போட்டேன். இன்சார்ஜ் சாரும் அப்படித்தான் போடச் சொன்னார்.

சைட்_மணி

தம்பி, அதற்காக வெட்கப்பட வேண்டாம். பாதி ஆலைகளில் ரிஜிஸ்டர் அப்படித்தான் இருக்கும். அரைக் கோடு வரை கண்ணால் பிரிக்கலாம், கால் கோடு என்பது கற்பனை.

ஆனால் போர்டன் சாரிடம் ஒரு மாறுபட்ட கருத்து. கிளாஸ் என்பது அந்த மாஸ்டரின் உச்ச வரம்பு. அதன் உண்மையான பிழை எவ்வளவு என்று அதன் சான்றிதழில் இருக்குமே. 10 பார் புள்ளியில் மாஸ்டர் 0.06 கூடக் காட்டுகிறது என்று தெரிந்தால் கழித்துக்கொள்ளலாம். அப்புறம் மிஞ்சுவது சான்றிதழில் உள்ள அன்சர்ட்டன்ட்டி மட்டும்தானே. 0.1 முழுவதையும் ஏன் சுமக்க வேண்டும்?

பழைய_போர்டன்

மணி, நியாயமான பேச்சு. லேபில் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அந்தச் சான்றிதழ் 10 பாருக்குக் கீழே எத்தனை புள்ளி கொடுத்திருக்கும்? 40 பார் கேஜுக்கு 0, 10, 20, 30, 40 என்று எடுத்திருந்தால் கீழே 0-உம் 10-உம் மட்டும்தான். இடையில் 2.5-க்கும் 5-க்கும் என்ன கழிப்பது? மேலும் ஒரு வருடம் ஆலையில் கிடந்து அது எவ்வளவு நகர்ந்தது என்பதும், 0.2 கோட்டைக் கண்ணால் படிப்பதும் அப்படியே இருக்கின்றன. குறையும், ஒத்துக்கொள்கிறேன். பாஸ் சொல்லும் அளவுக்குக் குறையுமா என்பது எனக்குச் சந்தேகம்.

சைட்_மணி

நீராவி லைன் கேஜுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவையா சார்? ஆபரேட்டர் 6-க்கும் 7-க்கும் வித்தியாசம் பார்த்தால் போதும். பாய்லர் பக்கம் என்றால் வேறு கதை. லேப்காரர்கள் எல்லாவற்றையும் லேபாகவே பார்க்கிறீர்கள்.

பழைய_போர்டன்

தேவையா என்பதை ஆலை முடிவு செய்யட்டும். தேவையில்லை என்றால் அனுமதி வரம்பை 0.2 என்று எழுதிவைத்துவிட்டுப் பாஸ் போடட்டும். 0.1 என்று எழுதிவிட்டு 0.1 சந்தேகமுள்ள கருவியால் பாஸ் போடுவதுதான் என் தொல்லை.

மலர்_லேப்

நீங்கள் இருவரும் சண்டை போட்டு முடியுங்கள், தம்பியின் கடிதம் என்ன ஆவது? தம்பி, இங்கே பேசியதை வைத்து அந்தப் பத்தியை மட்டும் திருப்பி எழுதிப் போடுங்கள். பட்டியலில் கையால் செய்தது மட்டும் இருக்கட்டும். இன்னொன்று, வேலை தொடங்குமுன் கேஜ் இருந்த நிலையில் ரீடிங் எடுத்தீர்களா, அல்லது முதலிலேயே முள்ளைப் பிடுங்கிவிட்டீர்களா? அதைச் சொல்ல மறக்காதீர்கள். வந்த நிலையில் என்ன காட்டியது என்பது இல்லாவிட்டால், அதற்கு முந்தைய மாதங்களில் ஆலை எந்த அழுத்தத்தை நம்பி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் லேபில் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தப்பு அதுதான். கை துறுதுறுவென்று முதலில் சரிசெய்துவிடுவார்கள்.

ஈரோடு_தம்பி

ரீடிங் எடுத்த பிறகுதான் முள்ளைத் தொட்டேன் அக்கா. முதல் கேஜில் மட்டும் தப்புச் செய்தேன். ஸீரோவில் முள் சரியாக இருக்கிறதே என்று நினைத்து, மேலே போய்ப் பார்த்தால் 0.3. ஸீரோவிலேயே அந்த 0.3 ஏன் தெரியவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

பழைய_போர்டன்

ஸீரோவில் ஒரு சின்ன ஆணி இருந்ததா, முள் அதன்மேல் சாய்ந்து நிற்கும்படி?

ஈரோடு_தம்பி

ஆமாம் சார், இருந்தது.

பழைய_போர்டன்

சரி, உங்கள் கேஜ் கூடுதலாகக் காட்டியதா, குறைவாகவா? கூடுதல் என்றால் ஸீரோவில் முள் ஆணியை விட்டு மேலே எழுந்து நிற்க வேண்டும், மறையாது. குறைவாகக் காட்டும் கேஜில்தான் முள் ஆணியில் தடுக்கப்பட்டு ஸீரோ சரியாக இருப்பதுபோல ஏமாற்றும். உங்கள் நோட்டை இன்னொரு முறை பாருங்கள்.

ஈரோடு_தம்பி

பார்த்தேன் சார். அந்த முதல் கேஜில் 5-க்கு மாஸ்டர் 5.3. மற்ற இரண்டில்தான் 4.7. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து "கூடுதல்" என்று சொல்லிவிட்டேன். மன்னிக்கவும்.

பழைய_போர்டன்

இதற்காகத்தான் நோட்டைப் பார்க்கச் சொன்னேன். எழுதுங்கள்.

ஈரோடு_தம்பி

பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன்:

"ஆலையின் நீராவி லைனில் இருந்த 10 பார், 1.0 கிளாஸ் பிரஷர் கேஜ்கள் 22-ஐ 2024 மார்ச்சில் என் இன்சார்ஜின் மேற்பார்வையில் கம்பேரிட்டரில் சோதித்தேன். ஐந்து புள்ளிகளில், ஏற்றத்திலும் இறக்கத்திலும், எதையும் தொடுமுன் ரீடிங் எடுத்தேன். ஐந்து கேஜ்கள் வரம்பைத் தாண்டியிருந்தன. மூன்றில் பிழை எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு என்பதால் முள்ளை மறுபடி பொருத்தினேன். இரண்டில் பிழை அழுத்தத்துடன் கூடியதால் அவற்றை மாற்றினோம். எங்களிடம் இருந்த மாஸ்டர் 40 பார், 0.25 கிளாஸ். அது 10 பார் கேஜின் பழுதைக் கண்டுபிடிக்கப் போதும், சரிசெய்தபின் தகுதியை உறுதிசெய்யப் போதாது என்று பிறகு அறிந்துகொண்டேன். ஆர்டிடி, 4-20 மில்லி ஆம்ப் டிரான்ஸ்மிட்டர் ஆகியவற்றை லூப்பில் சோதித்த அனுபவம் உண்டு. இருசக்கர வாகன உரிமம் உண்டு. வெளியூர்ப் பணிக்குத் தயார்."

கிண்டி_கோபி

மாஸ்டர் போதாது என்ற வரி எதற்கு? தன் குறையைத் தானே எழுதி அனுப்புவார்களா? நேர்முகத்தில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். நான் பத்து வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன். முதலில் படிப்பது லேப்காரர் இல்லை, ஹெச்ஆர். அவர்களுக்கு "போதாது" என்ற சொல் மட்டும்தான் கண்ணில் படும்.

மலர்_லேப்

கோபி சார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய நிறுவனம் என்றால் அப்படித்தான். பத்துப் பேர் இருக்கும் சர்வீஸ் நிறுவனத்தில் கடிதத்தை முதலாளியோ டெக்னிக்கல் மேனேஜரோதான் திறப்பார். தம்பி, அங்கே எத்தனை பேர் என்று தெரியுமா?

ஈரோடு_தம்பி

தெரியவில்லை அக்கா. விளம்பரத்தில் ஒரு மொபைல் எண் மட்டும்தான் இருந்தது.

சைட்_மணி

மொபைல் எண் என்றால் முதலாளியாகத்தான் இருக்கும். அந்த வரி அப்படியே இருக்கட்டும்.

ஈரோடு_தம்பி

இன்னொரு சிக்கல். இன்சார்ஜ் சாரிடம் பேசி மாஸ்டரின் சான்றிதழைப் படம் எடுத்து வாங்கினேன். புள்ளிகள் போர்டன் சார் சொன்னதுபோல 0, 10, 20, 30, 40. தேதி 2023 ஜனவரி. மாஸ்டரின் ஸ்டிக்கரில் அடுத்த காலிபரேஷன் 2024 ஜனவரி என்று இருந்ததாம். நாங்கள் மார்ச்சில் வேலை செய்திருக்கிறோம். இதையும் எழுத வேண்டுமா?

பழைய_போர்டன்

சான்றிதழில் பொதுவாகக் காலாவதி தேதி இருக்காது. அந்த ஜனவரி உங்கள் ஆலையே தனக்குப் போட்டுக்கொண்ட கெடு. கெடு தாண்டினால் மாஸ்டர் அன்றே கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. அதன் பிறகு காலிபரேட் செய்தார்களா, அப்போது அது நகர்ந்திருந்ததா என்பதுதான் கேள்வி. நகரவில்லை என்றால் உங்கள் மார்ச் ரீடிங்குக்கும் பாதகமில்லை. நகர்ந்திருந்தால் 22 கேஜையும் திரும்பப் பார்க்க வேண்டியது ஆலையின் வேலை. கடிதத்தில் இதற்கு இடம் வேண்டாம். ஆனால் அடுத்த சான்றிதழ் இருக்கிறதா என்று இன்சார்ஜிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் நேர்முகத்தில் மாஸ்டரின் தேதியைக் கேட்பேன். உங்களை நேர்முகம் எடுப்பவரும் கேட்கலாம்.

ஈரோடு_தம்பி

கேட்டேன் சார். "அதெல்லாம் எதற்கு இப்போ?" என்றார். நாளை திரும்பக் கேட்கிறேன். கடிதத்தை இன்று இரவே அனுப்பிவிடுகிறேன்.

தராசுக்காரர்

தம்பி, கோவையில் வேலை கிடைக்காவிட்டால் சொல்லுங்கள். எங்கள் கடைக்கும் எலக்ட்ரானிக் தராசு பார்க்க ஆள் வேண்டும். லைசென்ஸ் எங்களிடம் இருக்கிறது.